முதல் புத்தகத்துக்கு வாசகர்களிடம் முன்பணம் திரட்டுவது: 500 பிரதிக்கான கணக்கு

கேள்வி: நானும் தோழியும் சிறு பதிப்பகம் தொடங்குகிறோம். முதல் புத்தகம் எங்கள் வட்டாரத்து ஏரி, கண்மாய்களைப் பற்றிய கட்டுரைகள். டெமி அளவில் 256 பக்கம். 500 பிரதி அடிக்க ஆசை. கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. மீதியைக் கிரவுட்ஃபண்டிங்கில் திரட்டலாமா? எவ்வளவு இலக்கு வைப்பது, பதிலுக்கு என்ன தருவது?

திரட்டலாம். இந்த வழி நமக்குப் புதிதும் அல்ல. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது, பிரதி வேண்டுபவர்களிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கினார். பிற்காலத்தில் பதிப்பகங்கள் அதையே ‘முன்வெளியீட்டுத் திட்டம்’ என்ற பெயரில் நடத்தின. நீங்கள் செய்யப்போவதும் அதுதான். இப்போது பணம் யுபிஐயில் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். உங்கள் அறிவிப்பிலும் ‘நன்கொடை’ என்று எழுதாமல் ‘முன்பதிவு’ என்றே எழுதுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் செலவை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதி அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் மாறாத செலவு ஒன்று, பிரதிக்குப் பிரதி கூடுகிற செலவு இன்னொன்று. கீழே வரும் தொகைகள் கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. நீங்கள் மூன்று அச்சகங்களில் கொட்டேஷன் வாங்கி, அந்த எண்களை இதே கட்டங்களில் போட்டுப் பாருங்கள்.

மாறாத செலவில் பக்க வடிவமைப்புக்கு 10,000, மெய்ப்புப் பார்ப்பதற்கு 6,500, அட்டை வடிவமைப்புக்கு 6,000 என்று வைப்போம். மொத்தம் 22,500. ஐஎஸ்பிஎன் எண் இந்தியாவில் இலவசம், அதற்கு யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். ஆஃப்செட்டில் அடித்தால் இதோடு பிளேட் செலவும் சேரும். டபுள் டெமி தாள் ஒன்றை இரு பக்கமும் அடித்து மடித்தால் டெமி அளவில் 32 பக்கம் கிடைக்கும். உங்கள் 256 பக்கத்துக்கு அப்படி 8 தாள், தாளின் ஒரு பக்கத்துக்கு ஒன்றாக 16 பிளேட். மெஷினில் ஏற்றும் கூலியையும் சேர்த்து இதற்கு 8,000 போடுவோம்.

பிரதிக்குப் பிரதி கூடுவதில் பெரியது காகிதம். பிரதிக்கு 8 தாள் என்றால் 500 பிரதிக்கு 4,000 தாள், அதாவது 8 ரீம். மெஷின் சரியாகும்வரை வீணாவதற்கு இன்னொரு ரீம் சேருங்கள். 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோவில் ஒரு ரீம் பதினெட்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். இந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுவிட்டு அச்சகத்துக்குப் போனால், கொட்டேஷனில் காகிதம் கூடுதலாக எழுதப்பட்டிருக்கிறதா என்பது பார்த்ததுமே தெரியும். காகிதம், அச்சுக்கூலி, அட்டை, லேமினேஷன், பைண்டிங், வரி எல்லாம் சேர்த்துப் பிரதிக்கு 68 ரூபாய் என்று கொள்வோம். 500 பிரதிக்கு 34,000.

வரி பற்றி இங்கேயே ஒன்று. அச்சிட்ட புத்தகத்தின் விற்பனைக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதனாலேயே அச்சகத்தில் நீங்கள் கட்டும் ஜிஎஸ்டியைத் திரும்பக் கழித்துக்கொள்ளவும் முடியாது. அது முழுக்க உங்கள் செலவு. கொட்டேஷன் கேட்கும்போது “வரியோடவா, வரி தனியா?” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆக, அச்சகத்துக்குப் போக வேண்டியது 42,000. உங்கள் கையிலுள்ள 25,000இல் 22,500ஐ வடிவமைப்பு, மெய்ப்பு, அட்டை மூன்றுக்கும் முன்னாலேயே செலவழித்துவிடுங்கள். மெய்ப்பு முடிந்து, அட்டை தயாராகி, கொட்டேஷன் கையில் வந்த பிறகுதான் முன்பதிவை அறிவிக்க வேண்டும். முடியாத புத்தகத்துக்குப் பணம் வாங்கினால், எழுத்தாளர் ஒரு அத்தியாயத்தைத் திருத்த இரண்டு மாதம் எடுக்கும்போது, பணம் கட்டியவர்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு அந்த அனுபவம் உண்டு. நான்கு மாதம் தாமதமானது. திட்டிய சிலரைவிட, ஒன்றும் கேட்காமல் காத்திருந்தவர்களை நினைத்துத்தான் அதிகம் கூசினேன்.

இனிப் பெரும்பாலானவர்கள் தவறும் இடத்துக்கு வருகிறேன். 42,000 வேண்டும் என்பதால் 42,000 இலக்கு வைத்துவிடுகிறார்கள். வாசகர் தரும் ரூபாயில் ஒரு பங்கு அச்சகம்வரை போய்ச் சேராது. தபால், உறை, பேமென்ட் கேட்வே கட்டணம், எழுத்தாளருக்கான ராயல்டி எல்லாம் வழியிலேயே கழிந்துவிடும். அதனால் ஒவ்வொரு திட்டத்திலும் அச்சகத்துக்கு என்ன மிஞ்சுகிறது என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

புத்தகத்தின் விலை 320 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ராயல்டி 10 சதவீதம், அதாவது 32 ரூபாய்.

முதல் திட்டம் எளிமையானது. ஒரு பிரதி, இந்தியாவுக்குள் தபால் உட்பட 350 ரூபாய். இதில் உறையும் அனுப்பும் செலவும் 60, ராயல்டி 32, கேட்வே சுமார் 8 போகும் (2 சதவீதமும் அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் என்று கணக்கிட்டிருக்கிறேன்). மிச்சம் 250.

இரண்டாவது 700 ரூபாய். ஒரு பிரதி வாசகருக்கு, இன்னொன்று அவர் பெயரில் ஒரு பள்ளிக்கோ ஊர் நூலகத்துக்கோ. நிற்பது ஏறக்குறைய 500. ஏரி, கண்மாய் பற்றிய புத்தகத்துக்கு இது மிகப் பொருத்தமான திட்டம். வெளியூரில் வேலை பார்ப்பவர்களுக்குத் தாம் படித்த பள்ளியில் இந்தப் புத்தகம் இருக்க வேண்டும் என்ற ஆசை இருக்கும். எந்தப் பள்ளி என்று அவர்களையே எழுதச் சொல்லுங்கள். பிரதி போய்ச் சேர்ந்ததும் தலைமையாசிரியர் கையில் புத்தகம் இருக்கும் படம் ஒன்றைக் கேட்டு வாங்கி அனுப்புங்கள்.

மூன்றாவது 1,500 ரூபாய். எண்ணிட்ட கெட்டி அட்டைப் பிரதி, எழுத்தாளர் கையொப்பத்துடன். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் முன்பதிவு செய்தவரின் பெயரும் அச்சாகும். 25 பிரதிக்கு மேல் வேண்டாம். கெட்டி அட்டைக்குக் கூடுதலாக 120, கனமான பார்சலுக்கு 90, கேட்வே 35, ராயல்டியைக் கொஞ்சம் கூட்டி 60 என்று கழித்தால் சுமார் 1,200 மிஞ்சும். பணத்தைத் தூக்கி நிறுத்துவது இந்தத் திட்டம்தான்.

நான்காவது 3,000 ரூபாய்க்குப் பத்துப் பிரதி. வாசிப்பு வட்டங்கள், விவசாயிகள் சங்கங்கள், சுற்றுச்சூழல் குழுக்கள் இதை எடுப்பார்கள். பஸ் பார்சலில் ஒரே கட்டாகப் போய்விடும். செலவு போக 2,450 வரை மிஞ்சும்.

இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். துணிப்பை, கோப்பை, நாட்காட்டி எதுவும் வேண்டாம். புத்தகத்துக்கு வரி இல்லை, பைக்கும் கோப்பைக்கும் உண்டு. அவற்றுக்குத் தனி வடிவமைப்பு, குறைந்தபட்ச ஆர்டர், வேறு அளவில் பெட்டி என்று வேலை பெருகும். வாசகர் பணம் கட்டியது புத்தகத்துக்காக.

இப்போது இலக்கைக் கணக்கிடலாம். அச்சகத்துக்கு 42,000. தொலைந்த பார்சல், மடங்கிய மூலை, மறுபடி அனுப்புதல் ஆகியவற்றுக்கு 5,000 ஒதுக்குங்கள். உங்களிடம் மீந்த 2,500ஐக் கழித்தால், கையில் நிற்க வேண்டிய தொகை 44,500. முதல் திட்டத்தில் 80 பேர், இரண்டாவதில் 17, மூன்றாவதில் 10, நான்காவதில் 2 என்று வைத்துப் பாருங்கள். வசூலாவது 60,900. செலவு போக நிற்பது 45,400. வழியில் கழிந்தது 15,500, அதாவது வசூலில் கால் பங்கு. ஆகவே இலக்கு 61,000. வெறும் 42,000 வைத்து அதை அடைந்திருந்தால் அச்சகத்துக்குச் சுமார் 31,000தான் போயிருக்கும். ‘இலக்கை எட்டினோம்’ என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டு மீதிக்குக் கடன் வாங்கி நின்றவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

இதே கணக்கைத் திருப்பியும் பாருங்கள். மொத்தம் 109 பேர், அவர்களுக்குப் போவது 144 பிரதி. எழுத்தாளருக்குப் பத்து. மதிப்புரைக்கு ஒரு பன்னிரண்டு. 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி என நான்கு நூலகங்களுக்கு உங்கள் செலவில் நான்கு. அதன் பிறகும் 330 பிரதி மிஞ்சும். அவற்றின் அச்சுச்செலவு ஏற்கெனவே அடைந்துவிட்டது. கடைக்கு 40 சதவீதக் கழிவு போக 192, ராயல்டி போக 160 ரூபாய் பிரதிக்கு உங்கள் கையில் நிற்கும். எல்லாம் விற்க ஓராண்டோ இரண்டாண்டோ ஆகலாம், கடைப்பணமும் மெதுவாகத்தான் வரும். ஆனாலும் விற்று முடிந்தால் 52,800 ரூபாய். உங்கள் இரண்டாவது புத்தகத்துக்கான மூலதனம் அந்த 330 பிரதிதான். அதனால் முன்பதிவில் விலையைப் பாதியாகக் குறைத்து ஆட்களைக் கூட்டும் யோசனை வேண்டாம். வெளியான பிறகு வாங்குபவர் 320 விலையும் தபாலும் தர வேண்டியிருக்கும். இப்போது 350இல் எல்லாம் அடக்கம். அந்தச் சலுகை போதும்.

இலக்கு எட்டாவிட்டால் என்ன செய்வது என்பதை அறிவிப்பிலேயே சொல்லிவிட வேண்டும். உங்களுக்கு இதில் நல்ல வழி ஒன்று இருக்கிறது. டிஜிட்டல் அச்சில் பிளேட் செலவு இல்லை, ஆனால் பிரதி விலை கூடுதல். 130 ரூபாய் என்று கொள்வோம். ஆஃப்செட்டில் 8,000 மாறாச் செலவும் பிரதிக்கு 68ம். இரண்டும் சமமாவது ஏறக்குறைய 130 பிரதியில். அதற்குக் கீழே டிஜிட்டல் மலிவு, மேலே போகப்போக ஆஃப்செட் மலிவு. 150 பிரதியில் இரண்டுக்கும் வித்தியாசம் சொற்பம்தான், டிஜிட்டலில் அடிக்க 19,500 ஆகும். இடர் ஒதுக்கீடு 3,000 சேர்த்து, கையிலுள்ள 2,500ஐக் கழித்தால் 20,000 நிற்க வேண்டும். அதற்கு 27,000 வசூலானால் போதும். ஆகவே இப்படி எழுதுங்கள்: 61,000 வந்தால் 500 பிரதி ஆஃப்செட். 27,000க்கும் 61,000க்கும் இடையில் நின்றால் 150 பிரதி டிஜிட்டல், முன்பதிவு செய்த அனைவருக்கும் புத்தகம் உறுதி. 27,000க்குக் கீழே போனால், குறிப்பிட்ட தேதிக்குள் முழுப்பணமும் திரும்ப வரும். பணத்தைத் திருப்பினாலும் கேட்வே கட்டணம் உங்களுக்குத் திரும்பாது என்று வைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் கைப்பணம். நேரடி யுபிஐயில் வாங்கியதற்கு அந்தத் தொல்லை இல்லை.

கெட்டி அட்டைத் திட்டத்தில் எனக்கு நேர்ந்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். ஒருமுறை 30 பேருக்குக் கெட்டி அட்டை என்று சொல்லியிருந்தோம். அச்சகத்தில் அதைச் சொன்னோம், பைண்டிங் நடக்குமிடத்தில் யாரும் சொல்லவில்லை. எல்லாப் பிரதிக்கும் முதுகைச் சுரண்டிப் பசை போட்டு, மூன்று பக்கமும் வெட்டிவிட்டார்கள். அதன் பிறகு கெட்டி அட்டை போட வேண்டுமானால் அட்டையைக் கிழித்து, மறுபடி வெட்ட வேண்டும். ஓரம் குறுகி, எழுத்து வெட்டுக்கு அருகில் வந்து நின்றது. எண்ணிட்ட பிரதிக்கு 1,500 கொடுத்தவருக்கு அதை அனுப்ப மனம் வரவில்லை. சேர்த்துத் தைக்க வேண்டிய பாரங்கள், அதாவது 32 பக்கமாக மடித்த தாள்கள், பசை மெஷினுக்குப் போகும் முன்பே தனியாக எடுத்து வைக்கப்பட வேண்டும். கெட்டி அட்டைக்கு எத்தனை பிரதி என்பதை வேலை உத்தரவில் தனி வரியாக எழுதுங்கள். பாரம் மடித்த அன்று நேரில் போய், அந்தக் கட்டு தனியாக இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இரண்டு மூன்று பிரதி கூடுதலாக எடுத்து வையுங்கள், ஏதாவது ஒன்று கட்டாயம் கெடும். டிஜிட்டலுக்கு மாற நேர்ந்தால் தாள்கள் பெரும்பாலும் தனித்தனியாக வரும், பாரமாகத் தைக்க வராது. அதனால் ‘கெட்டி அட்டை’ என்று மட்டும் வாக்குக் கொடுங்கள். ‘தையல் பைண்டிங்’ என்று எழுத வேண்டாம்.

தபாலையும் முன்பே எடைபோட்டுப் பார்க்க வேண்டும். உங்கள் உள்பக்கங்கள் வெட்டுக்கு முன் 284 கிராம். வெட்டி, அட்டை சேர்ந்தால் ஏறக்குறைய அதே அளவு. உறையும் அட்டைத்தாங்கலும் சேர்ந்ததும் 300ஐத் தாண்டிவிடும். அஞ்சல் துறை 2025 மே மாதம் புத்தகங்களுக்காக ‘ஞான் போஸ்ட்’ என்ற சேவையைத் தொடங்கியது. அதில் 300 கிராம் வரை 20 ரூபாய், அதிகபட்சம் 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி என்று கட்டணம் வைத்தார்கள். தரை வழியாகப் போகும், எங்கே இருக்கிறது என்று பார்க்கவும் முடியும். கட்டணமும் விதிகளும் மாறக்கூடியவை. அதனால் அச்சகத்தில் அதே காகிதத்தில் ஒரு வெற்று டம்மி செய்து வாங்கி, நீங்கள் அனுப்பப்போகும் உறையிலேயே போட்டு, உங்கள் ஊர் தபால் நிலையத்தில் எடை போட்டுக் கட்டணம் கேளுங்கள். நான் 60 என்று வைத்தது தாங்கல் அட்டை, பிளாஸ்டிக் உறை, கூரியரில் போக நேரும் சில பார்சல்கள் எல்லாவற்றையும் உத்தேசித்துத்தான்.

‘முன்பதிவு’ என்ற சொல்லுக்கு வருகிறேன். பணம் தருபவருக்கு நீங்கள் பொருள் தருகிறீர்கள், ரசீது தருகிறீர்கள். அது விற்பனை. நன்கொடை என்று எழுதினால் வரிவிலக்கு உண்டா என்று கேட்பார்கள், பதிப்பகத்தால் அதைத் தர முடியாது. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு இது இன்னும் முக்கியம். வெளிநாட்டு நன்கொடைக்குத் தனிச் சட்டமும் அனுமதியும் உண்டு. வழக்கமான வியாபாரத்தில் பொருளுக்கு வாங்கும் விலையை அந்தச் சட்டம் வேறாகவே பார்க்கிறது. வெளிநாட்டு வாசகர்களுக்கு அந்தந்த நாட்டுத் தபால் செலவைச் சேர்த்துத் தனி விலை போட்டு, பில் கொடுங்கள். தொகை பெரிதாக வரும் என்று தோன்றினால் முன்பே ஓர் ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள். ‘லாபத்தில் பங்கு தருகிறோம்’ என்று எங்கேயும் எழுதிவிடாதீர்கள். அது முதலீடு திரட்டுவதாகிவிடும், சட்டப்படி வேறு விவகாரம்.

எந்தத் தளத்தில் நடத்துவது என்று யோசிப்பீர்கள். கிக்ஸ்டார்ட்டரில் இந்தியாவிலிருந்து திட்டம் தொடங்க முடியாது. இங்குள்ள பெரிய தளங்களுக்கு மருத்துவ உதவி கேட்டு வருபவர்களே அதிகம். 109 பேருக்கு ஒரு தளம் தேவையில்லை என்பது என் முடிவு. பதிப்பகத்தின் பெயரில் தனி வங்கிக் கணக்கு, ஒரு கேட்வே பக்கம், ஒரு கூகுள் ஃபார்ம் போதும். ஃபார்மில் முகவரி, பின்கோடு, கைபேசி எண் மூன்றும் கட்டாயம் என்று வையுங்கள். வாட்ஸப்பில் முகவரி வாங்கினால் பாதியில் பின்கோடு இருக்காது. தளம் இல்லாதபோது நம்பிக்கையை நீங்களே ஏற்படுத்த வேண்டும். வாரம் ஒருமுறை எத்தனை பேர், எவ்வளவு ரூபாய் என்று அறிவியுங்கள். கொட்டேஷனிலுள்ள செலவுக் கணக்கையும் வெளியிடுங்கள். கணக்கை வெளியே வைத்த பிறகு “ஏன் இவ்வளவு விலை?” என்ற கேள்வி எனக்கு வரவே இல்லை.

அறிவிப்பதற்கு முன் 40 பெயரை ஒரு நோட்டில் எழுதுங்கள். நீங்கள் போன் செய்தால் எடுத்துப் பேசுபவர்களாக இருக்க வேண்டும். அந்த நாற்பது பேரில் முப்பது பேரிடம் முதல் மூன்று நாளுக்குள் பணம் வாங்கிவிட வேண்டும். பூஜ்யத்தில் நிற்கும் முன்பதிவில் தெரியாதவர் யாரும் முதல் ஆளாகச் சேர மாட்டார். நாற்பது பெயர் எழுத முடியவில்லை என்றால் தள்ளிப்போடுங்கள். அந்த மாதங்களில் புத்தகத்தின் இரண்டு கட்டுரைகளை வெளியிட்டு, அந்தக் கண்மாய்க் கரை ஊர்களுக்குப் போய் நாலு பேரிடம் படித்துக் காட்டுங்கள். முன்பதிவு 25 நாள் போதும். நடுவில் பத்து நாள் யாரும் வராமல் தேங்கும், அது வழக்கம். நான்காவது திட்டத்துக்கான சங்கங்களையும் வட்டங்களையும் நேரில் பார்க்க அந்த நாட்களை வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கூட்டம் போட்டு முடிவெடுக்க நாளாகும்.

காலத்தைப் பொறுத்தவரை ஜூலைக் கடைசியில் தொடங்கி ஆகஸ்டில் முடியுங்கள். சென்னைப் புத்தகக் காட்சியை நோக்கி எல்லாப் பதிப்பகமும் ஓடுவதால் நவம்பர், டிசம்பரில் அச்சகங்களில் சின்ன வேலைகள் பின்னுக்குப் போகும். செப்டம்பரில் அடித்தால் பார்த்துப் பார்த்துச் செய்ய ஆள் இருக்கும். கொட்டேஷனில் எத்தனை நாள் செல்லும் என்று ஒரு வரி இருக்கும், காகித விலை ஏறினால் அது செல்லாது. முன்பதிவு தொடங்கும் வாரத்தில் புதுக் கொட்டேஷன் வாங்குங்கள். இலக்கைத் தாண்டிய அன்றே அச்சகத்துக்கு முன்பணம் கட்டிக் காகிதத்தை எடுக்கச் சொல்லிவிடுங்கள். வாசகர்களிடம் அக்டோபர் கடைசி என்று சொல்லுங்கள், நீங்கள் அக்டோபர் முதல் வாரத்துக்குத் திட்டமிடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்குள் பார்சல்கள் போய்ச் சேர்ந்துவிட்டால் நல்லது. தாமதமானால் ஒவ்வொரு பிரதியையும் முதலில் பிளாஸ்டிக் உறையில் ஒட்டி, அதன் பிறகு தாங்கல் அட்டைக்குள் வையுங்கள். இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு அறுபது பார்சல்வரை கட்டலாம். முதல் நாள் நூலகப் பிரதிகளையும் தொலைதூர ஊர்களையும் அனுப்பிவிடுங்கள், பக்கத்து ஊர்க்காரர்களுக்கு மறுநாள்.